நாற்பத்தாறு ஸ்லைடும் ஆறு நிறுத்தமும்

புதுச்சேரியின் பழைய கட்டடங்களைப் பற்றி ஒரு பவர்பாயிண்ட் என் கைக்கு வந்தது. நாற்பத்தாறு ஸ்லைடுகள். கட்டடக்கலை மாணவர்களுக்கு வகுப்பறையில் காட்டுவதற்காக யாரோ மிகுந்த உழைப்போடு ஆங்கிலத்தில் தயாரித்தது. என் நண்பரின் மகன், சுற்றுலாப் பயணிகளை நடத்திக் கூட்டிச் செல்லும் ஒரு சிறு குழுவில் இருக்கிறான். "மாமா, இதைத் தமிழில் வாயால் சொல்வது போல எழுதிக் கொடுங்கள். புதிதாக ஒரு பெண் வழிகாட்டி வேலைக்கு வந்திருக்கிறாள். வெளியூர்த் தமிழர்கள்தான் இப்போது அதிகம் வருகிறார்கள்" என்றான். பிரெஞ்சுப் பெயர்களை உச்சரிக்கத் தெரிந்த, வேலை வெட்டி இல்லாத தமிழன் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருப்பான். மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும் என்பது அவன் எண்ணம். ஆனால் இது மொழிபெயர்ப்பு வேலையே அல்ல.

ஸ்லைடு பார்க்கிறவன் நிழலில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கண் திரையில் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டுமே திரை காட்டுகிறது. தெருவில் நிற்கிறவன் கண் எங்கும் போகும். கட்டடத்தை மறைத்துக்கொண்டு ஒரு லாரி நிற்கும், ஐஸ்காரர் மணி அடிப்பார். அதனால் பேச்சின் முதல் வாக்கியம் எப்போதும் "எங்கே நில், எதைப் பார்" என்பதாகத்தான் இருக்க வேண்டும். செய்தி இரண்டாவது வாக்கியத்தில்தான் தொடங்கலாம். ஸ்லைடில் நேர்மாறு: முதலில் பெயர், அப்புறம் ஆண்டு, அப்புறம் பாணி, கடைசியில் படம்.

கடற்கரைச் சாலையில் இருக்கும் மேரியை எடுத்துக்கொள்ளுங்கள். (நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக: மேரி என்றால் நகராட்சிக் கட்டடம்.) ஸ்லைடில் இருந்தது இவ்வளவுதான்: மேரி, 1870–71, ஐரோப்பியச் செவ்வியல் பாணி, தூண்கள் கொண்ட முகப்பு, பயன்பாடு, நகர நிர்வாகம், குடிமைப் பதிவு. கூடவே ஓர் அழகான பழைய புகைப்படம். ஸ்லைடு தயாரித்தபோது அது சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று இடிந்து விழுந்துவிட்டது. இப்போது நிற்பது உலக வங்கிக் கடன் உதவியோடு அதே உருவில் திரும்பக் கட்டி 2021-ல் திறக்கப்பட்ட கட்டடம். ஸ்லைடை அப்படியே ஒப்பித்தால், பளபளவென்று நிற்கிற சுவரைக் காட்டி "இது நூற்றைம்பது வருஷத்துக் கட்டடம்" என்று அந்தப் பெண் சொல்ல வேண்டியிருக்கும். கூட்டத்தில் செய்தித்தாள் படிக்கும் ஒருவர் இருந்தால் அன்றைக்கு முழுக்க அவள் சொல்லும் வேறு எதையும் அவர் நம்பமாட்டார்.

நான் எழுதிக் கொடுத்தது இது:

"எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. எதிர்ல தெரியுற வெள்ளைக் கட்டடத்தைப் பாருங்க. பார்த்தா எத்தனை வயசு இருக்கும்னு தோணுது? ரொம்பப் புதுசா இருக்கு, இல்லையா? புதுசுதான். இதே இடத்துல, இதே மாதிரி ஒரு கட்டடம் பிரெஞ்சுக்காரங்க காலத்துல கட்டுனாங்க. 2014-ல ஒரு நாள் அது அப்படியே சரிஞ்சு விழுந்திடுச்சு. பழைய அளவு, பழைய உருவம் பார்த்துத் திரும்பக் கட்டியிருக்காங்க. எங்க ஊர்ல பிறந்தவங்க, கல்யாணம் பண்ணவங்க, செத்தவங்க எல்லார் பேரும் மேரிப் பதிவேட்டுல ஏறணும். அதனால எங்களுக்கு இது வெறும் கட்டடம் இல்லை."

நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கடல் காற்றில், இருபது பேருக்குக் கேட்கும்படி, மூச்சு வாங்காமல் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொல்தான் வருகிறது. வீட்டுக் கூடத்தில் படித்துப் பார்த்தால் நூற்றிருபது வரும். அந்தக் கணக்கை நம்பக்கூடாது. ஒரு நிறுத்தத்தில் நாலு நிமிடத்துக்கு மேல் போனால் வயதானவர்கள் உட்கார இடம் தேடுகிறார்கள், பிள்ளைகள் கைப்பேசியை எடுக்கிறார்கள். ஆக, ஒரு நிறுத்தத்துக்கு முந்நூற்றைம்பது சொல். ஆறு நிறுத்தம். நாற்பத்தாறு ஸ்லைடில் பாதிக்கு மேல் அப்போதே உதிர்ந்துவிட்டது.

"கடலுக்கு முதுகைக் காட்டி" என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. காலை ஆறரைக்கு நடை தொடங்குகிறது. சூரியன் கடல் பக்கம். வந்தவர்கள் மேற்கே பார்த்து நின்றால் வெயில் அவர்கள் முதுகில், வெளிச்சம் கட்டடத்தின் முகத்தில். கட்டடத்துக்கு முன்னால் நின்று அவர்களைப் பார்த்துப் பேசும் வழிகாட்டியின் கண்ணில்தான் வெயில் அடிக்கும். அது அவள் தொழிலின் பங்கு. ஆறு நிறுத்தத்துக்கும் இப்படி யார் எந்தத் திசை பார்த்து நிற்பது என்பதை முதல் வரியிலேயே எழுதி வைத்தேன்.

அடுத்த சிக்கல் காலவரிசை. ஸ்லைடுகள் ஒழுங்காக 1674-ல் பிரான்சுவா மர்த்தேனில் தொடங்கி, 1693-ல் டச்சுக்காரர் பிடித்தது, 1699-ல் திரும்பக் கிடைத்தது, துய்ப்ளெக்ஸ், லல்லி என்று படிப்படியாக இறங்கி வருகின்றன. (ஆங்கிலம் படித்தவர்கள் 'டூப்ளே' என்கிறார்கள். பிரெஞ்சில் அந்தப் பெயரின் கடைசி எழுத்து ஒலிக்கும். எங்கள் பள்ளியில் 'டூப்ளே' என்றால் காதைத் திருகியிருப்பார்கள்.) தெரு அப்படி இல்லை. கடற்கரையில் தொடங்கினால் முதலில் வருவது 2021-ல் திறந்த மேரி. அடுத்து காந்தி சிலை. சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. பக்கத்தில் 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். மேற்கே போகப் போகத்தான் பழைய காலம் வருகிறது. கால்கள் முன்னே நடக்க, கதை பின்னே நடக்கிறது.

வழியை மாற்றிக் காலவரிசைப்படி கூட்டிப் போகலாமா என்று கேட்டான் நண்பர் மகன். கூட்டிப் போனால் ஒரே தெருவில் மூன்று முறை போய் வர வேண்டும். கால் வலிக்கிறவனுக்கு வரலாறு ஏறாது. அதனால் ஒரே ஓர் ஆண்டை மட்டும் ஆணியாக அடித்துக்கொண்டேன்: 1761. அந்த ஜனவரி 16-ல் லல்லி ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். பிறகு அவர்கள் கோட்டையையும் ஊரையும் திட்டமிட்டு இடித்தார்கள். பிரெஞ்சுக்காரருக்கு இடம் திரும்பக் கிடைத்தது 1765-ல். ஊர் மீண்டும் எழுந்தது அதற்கப்புறம்தான். எந்த நிறுத்தத்திலும் "இது இடிப்புக்கு முன்னால், இது இடிப்புக்குப் பின்னால்" என்று சொன்னால் போதும். கேட்பவர்களுக்கு இடம் புரிந்துவிடுகிறது.

மற்ற ஆண்டுகளில் பெரும்பாலானவற்றைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டேன். "ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு" என்று வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிப்பதற்குள் கேட்பவருக்கு முதல் பாதி மறந்துவிடும். படிக்கும்போது நான்கு இலக்கம். கேட்கும்போது அது ஒரு முழு வாக்கியம். ஆகவே விளக்கத்துக்கு "உங்க தாத்தாவோட தாத்தா பிறக்கிறதுக்கு முன்னாடி ஏத்துன விளக்கு. 1979 வரைக்கும் எரிஞ்சுது" என்று வைத்தேன். யாராவது ஆண்டு கேட்டால் சொல்வதற்கு அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

1761-ஐ எங்கே நிறுத்திச் சொல்வது? பாரதி பூங்காவில். ஸ்லைடில் அதற்கு ஒரு பழைய வரைபடம் இருந்தது, பஞ்சகோண வடிவில் கோட்டை. வெட்டவெளியில் வரைபடத்தைத் தூக்கிக் காட்டினால் முதல் வரிசைக்காரர் மட்டும்தான் பார்ப்பார். அதைவிட, பார்க்க ஒன்றுமே இல்லை என்பதையே காட்டினால் என்ன என்று தோன்றியது. "சுத்தி ஒரு தரம் பாருங்க. இந்த ஊர்ல எல்லாத் தெருவும் நெருக்கமா இருக்கு. இங்க மட்டும் ஏன் இவ்வளவு பெரிய வெட்டவெளி? ஏன்னா நீங்க நிக்கிற இடத்துல ஒரு கோட்டை இருந்துச்சு. ஒரு கல் கூட மிச்சமில்லை." அதற்குப் பிறகு பத்து விநாடி பேசக்கூடாது என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன். அந்தப் பத்து விநாடியைக் கடைப்பிடிப்பதுதான் அந்தப் பெண்ணுக்குக் கடினமாக இருந்தது. புதிதாகப் பேச வருகிறவர்களுக்கு மௌனம் பயம்.

அதே பூங்காவின் நடுவில் ஆயி மண்டபம். இங்கே இன்னொரு விஷயம் பிடிபட்டது. ஸ்லைடு இரண்டு செய்திகளை ஒரே தரத்தில் அடுத்தடுத்துப் போட்டிருந்தது. ஒன்று, கிருஷ்ணதேவராயர் ஒரு தாசியின் வீட்டைக் கோவில் என்று எண்ணிக் கும்பிட்டார், உண்மை தெரிந்ததும் வீட்டை இடிக்கச் சொன்னார், அவள் அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது. மற்றது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது என்பது. முதலாவது வழிவழி வந்த கதை. இரண்டாவது நடந்த காரியம். ஸ்லைடில் இரண்டுக்கும் முன்னால் ஒரே மாதிரிப் புள்ளி. தமிழில் இதைப் பிரிக்க ஒரு எழுத்துக்கூடப் பெரிதாகச் செலவில்லை. "ராஜா கும்பிட்டாராம், இடிக்கச் சொன்னாராம், அவ குளம் வெட்டினாளாம்" என்று 'ஆம்' சேர்த்தால், சொல்கிறவள் பொறுப்பேற்கவில்லை என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும். அடுத்த வரியில் "தண்ணி வந்தது" என்று நேராகச் சொல்லலாம். பிரெஞ்சிலும் பத்திரிகைக்காரர்கள் வினைச்சொல்லின் உருவத்தையே மாற்றி இதைச் செய்வார்கள். ஸ்லைடுக்கு வினைச்சொல்லே கிடையாது. அதனால்தான் அது கதையையும் நடப்பையும் ஒன்றாக்கிவிடுகிறது.

பூங்காவை விட்டு, கவர்னர் மாளிகையை ஒட்டி ரங்கப்பிள்ளை தெருவில் மேற்கே நடந்தால் பெரிய வாய்க்கால். ஸ்லைடில் 'வெள்ளையர் நகரம்', 'கறுப்பர் நகரம்' என்று இரு நிறத்தில் பூசிய படம். நிர்வாகம் வைத்த பெயர்கள்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் வாய்க்காலுக்கு மேற்கே பிறந்த பெண், வாய்க்காலைத் தாண்டியபடி, தான் பிறந்த பக்கத்தைக் "கறுப்பு நகரம்" என்று தன் வாயால் அறிமுகப்படுத்துவது எனக்கு ஒப்பவில்லை. "வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தை அவங்க வெள்ளை நகரம்னாங்க, எங்க பக்கத்தைக் கறுப்பு நகரம்னாங்க" என்று, யார் வைத்த பெயர் என்பதோடு சேர்த்து எழுதினேன். இந்த நிறுத்தம் சின்னது. வாசனை அப்படி. பாலத்தின் மேல் நிற்காமல், தாண்டிப் போய் நிற்க வேண்டும்.

நடக்கும்போது பேசக்கூடாது என்பது விதி. பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்காது. கேட்காதவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள். அதற்குப் பதில், ஒவ்வொரு நிறுத்தத்தின் கடைசி வரியிலும் வழியில் பார்க்க ஒரு பொருள் கொடுத்துவிட வேண்டும். வாய்க்கால் நிறுத்தத்தில் அது: "இதுவரைக்கும் பார்த்த வீடுங்களுக்கு உயரமான மதில் இருந்துச்சு, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. இனிமே பழைய வீடு வந்தா வாசல்ல என்ன இருக்குன்னு பாருங்க." திண்ணையையும் தாழ்வாரத்தையும் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். ஸ்லைடில் ஒப்பீட்டு அட்டவணை போட்டு விளக்கியது இதைத்தான்.

நிசமான சங்கடம் ஐந்தாவது நிறுத்தத்தில். மிசியோன் தெருவில் சம்பா கோவில், அதாவது பேராலயம். ஸ்லைடில் ஒரு வரி: "வேதபுரீசுவரர் கோவில் இதன் அருகில் இருந்தது, 1748-ல் இடிக்கப்பட்டது." இடிக்கப்பட்டது, சரி. யாரால்? ஸ்லைடு சொல்லவில்லை. அரசு அலுவலகத்தில் முப்பத்துச் சொச்சம் வருடம் குறிப்பு எழுதியவன் நான். 'செயப்பாட்டு வினை' எதற்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் ஞாயிறு தவறாமல் இதே கோவிலுக்குப் பூசைக்குப் போகிறவள். "சார், இதை விட்டுடலாமா? பூசை முடிஞ்சு ஜனங்க வெளிய வர்ற நேரம். கேட்டா என்ன நினைப்பாங்க?" என்றாள். நண்பர் மகனும் விட்டுவிடலாம் என்றான். வேறொருவர், இதைத்தான் நன்றாக விரித்துச் சொல்ல வேண்டும் என்று கண்ணில் ஒரு பளபளப்போடு சொன்னார். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. விட்டுவிட்டால், கூட்டத்தில் அறிந்த ஒருவர் கேட்பார். அப்போது அவள் ஒளித்தவள் ஆவாள். விரித்தால், இன்று பூசை முடிந்து வரும் கிழவிக்கு 1748-க்குப் பதில் சொல்லும் பொறுப்பு வந்துவிடும்.

"ம்மா, யார் செஞ்சாங்கன்னு பேர் சொல்லிச் சொன்னா, செய்யாதவங்க மேல அது ஒட்டாது" என்றேன். இப்படி எழுதினேன்:

"இந்தக் கோவிலுக்குப் பக்கத்துல வேதபுரீசுவரர் கோவில் இருந்துச்சு. 1748-ல ஆங்கிலேயர் ஊரை முற்றுகை போட்டிருந்த சமயம், கவர்னர் துய்ப்ளெக்ஸ் உத்தரவு போட்டு அதை இடிச்சாங்க. நம்ம ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை அப்போ துய்ப்ளெக்ஸ்கிட்டயே துபாஷா இருந்தார். அவர் மனசு கஷ்டப்பட்டு இதைத் தன் நாட்குறிப்புல எழுதி வச்சிருக்கார். பதிமூணு வருஷம் கழிச்சு, நான் பூங்காவுல சொன்னேனே அந்த இடிப்பு, அதுல அப்போ இங்க இருந்த மாதா கோவிலும் போச்சு. இப்போ நீங்க பார்க்கிறது அதுக்கப்புறம் கட்டுனது. வேதபுரீசுவரருக்கும் திரும்பக் கோவில் கட்டுனாங்க, ஈஸ்வரன் கோவில் தெருவுல இருக்கு. சாயங்காலம் போய்ப் பாருங்க."

இதில் 1748 என்ற ஆண்டை மட்டும் விதியை மீறி வைத்துக்கொண்டேன். இந்த மாதிரி விஷயத்தில் ஆண்டு சொல்லாமல் "முன்னொரு காலத்தில்" என்றால் அது வதந்தி போல ஆகிவிடும். சொல்லும் இடத்தையும் மாற்றினோம். கோவில் வாசலில் இல்லை. எதிர்ச் சாரியில், முகப்பு முழுவதும் தெரிகிற தூரத்தில். அங்கே சத்தம் போடாமல் பேசலாம். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். அவள் குரல் "துய்ப்ளெக்ஸ் உத்தரவு" என்ற இடத்தில் கொஞ்சம் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. திருச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர், "அந்தப் பிள்ளை வேலையை விட்டிருக்கலாமே?" என்று கேட்டார். அட்டையில் பதில் இல்லாத கேள்வி. "விட்டிருந்தா யார் எழுதி வச்சிருப்பாங்க, சார்?" என்றாள். நான் எழுதியதல்ல அது.

கடைசி நிறுத்தம் அந்தப் பிள்ளையின் வீடு. திரும்ப ரங்கப்பிள்ளை தெருவுக்கு வந்து பெரிய மார்க்கெட் பக்கம் போக வேண்டும். ஸ்லைடில் இந்த வீட்டுக்கு ஏழு படங்கள், ஏழும் உட்புறம். மரத்தூண்கள், முற்றம், மாடி. ஆனால் கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கும்; முன் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. உட்புறத்தை வர்ணித்து எழுதினால் பூட்டிய கதவின் முன் நின்று ஏங்க வைப்பதாகத்தான் முடியும். அதோடு மார்க்கெட் இரைச்சல், மீன் கூடை, ஆட்டோ. நீளமான வாக்கியம் எதுவும் அங்கே நிற்காது. அதனால் நாட்குறிப்பின் கதையைப் பெரும்பாலும் முந்தைய நிறுத்தத்திலேயே, அமைதியான இடத்தில் முடித்துவிட்டேன். வீட்டுக்கு முன்னால் ஒன்பது வரிதான், பெரும்பாலும் மூன்று நான்கு சொல்:

"இதுதான் அவர் வீடு. உள்ள தமிழ்க் கட்டடமும் பிரெஞ்சுக் கட்டடமும் கலந்திருக்கும். 1736-ல எழுத ஆரம்பிச்சார். இருபத்தஞ்சு வருஷம் எழுதினார். சந்தை விலை எழுதினார். கவர்னர் கோபம் எழுதினார். கப்பல் வந்தது எழுதினார். 1761 ஜனவரியில செத்துப் போனார். சில நாள்ல ஊர் சரணடைஞ்சது."

அட்டைகளில் நான் முழு உரையையும் கொடுக்கவில்லை. நிறுத்தத்துக்கு ஓர் அட்டை. நிற்கும் திசை, முதல் வாக்கியம், கடைசி வாக்கியம் மட்டும் முழுதாக. நடுவில் ஐந்தாறு குறிப்புச் சொற்கள். முழு உரை தனியாக அவள் வீட்டில் இருக்கிறது. மனப்பாடம் செய்து ஒப்பித்தால் யாராவது குறுக்கே கேள்வி கேட்டதும் நூல் அறுந்துவிடும். முதல் வரியும் கடைசி வரியும் கையில் இருந்தால் நடுவில் எங்கே போனாலும் திரும்பி வரலாம். ஐந்தாவது அட்டைக்கு மட்டும் விலக்கு. அதை எழுதியபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

மழைக்காலம் வந்ததும் பூங்கா நிறுத்தத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். ஆயி மண்டபத்துக்குள் இருபது பேர் நிற்க முடியாது. கவர்னர் மாளிகைச் சுவரோரம் நிற்கக் காவலர்கள் விடமாட்டார்கள். போன வாரம் குடையோடு போய் இரண்டு மூலைகளைப் பார்த்து வந்தேன். ஒன்றில் மரம் சொட்டுகிறது.